புராஸ்டேட் வீக்கமும் பி.எஸ்.ஏ. எண்ணும்: இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்த்தல்

இரவில் மூன்று நான்கு முறை எழுந்து சிறுநீர் கழிக்க வேண்டியிருக்கிறது என்று மருத்துவரிடம் செல்லும் அறுபது வயதைக் கடந்த ஆண்களில் பலருக்கு, மற்ற இரத்தப் பரிசோதனைகளோடு, புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை இரத்தத்தில் அளக்கும் பி.எஸ்.ஏ. பரிசோதனையும் எழுதித் தரப்படுகிறது. அறிக்கையில் 5 அல்லது 6 என்று ஓர் எண் தடித்த எழுத்தில் இருக்கும். பக்கத்தில் '0 முதல் 4 வரை' என்று இயல்பான அளவு அச்சிடப்பட்டிருக்கும். அதைப் பார்த்த நொடியிலிருந்து அந்த வீட்டில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. சிறுநீர்த் தொல்லைக்குக் காரணம் என்ன என்பது ஒரு கேள்வி. புராஸ்டேட்டில் புற்றுநோய் இருக்கிறதா என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குப் பி.எஸ்.ஏ. பதில் சொல்வதில்லை, இரண்டாவது கேள்விக்குப் பாதிப் பதில்தான் சொல்கிறது. அந்தப் பாதிப் பதிலை எப்படிப் படிப்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சுரப்பி எங்கே இருக்கிறது, எந்தப் பகுதி வளர்கிறது

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பையின் அடிவாயில், சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றிலும் அணைத்தபடி அமைந்திருக்கிறது. விந்தோடு கலக்கும் நீர்மத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. இளம் வயதில் அதன் அளவு ஏறத்தாழ 20 மில்லிலிட்டர். நாற்பது வயதுக்குப் பிறகு, ஆண்மை ஹார்மோனின் தொடர்ச்சியான தூண்டுதலால், பெரும்பாலான ஆண்களுக்கு அது மெல்ல மெல்லப் பெருக்கத் தொடங்குகிறது. அறுபது வயதை எட்டிய ஆண்களில் ஏறத்தாழப் பாதிப் பேரின் சுரப்பியில் இந்தப் பெருக்கத்தின் தடயங்களை நுண்ணோக்கியில் காணலாம். எண்பதைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது இருக்கும். பேச்சு வழக்கில் 'வீக்கம்' என்று சொன்னாலும், காயம் பட்ட இடம் வீங்குவதைப் போன்றதல்ல இது. திசுக்கள் எண்ணிக்கையில் பெருகுவதால் வரும் வளர்ச்சி. அந்த வளர்ச்சி புற்றுநோய் அல்ல, பின்னாளில் புற்றுநோயாக மாறுவதும் இல்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனித்துவிட்டால் பின்னால் வரும் பல விஷயங்கள் தாமாகவே விளங்கும். வயதோடு பெருப்பது பெரும்பாலும் சுரப்பியின் உட்பகுதி, அதாவது சிறுநீர்க் குழாயை ஒட்டிச் சுற்றியிருக்கும் பகுதி. அது பெருத்தால் குழாய் நெருக்கப்படும். அதனால் சிறுநீர்த் தொல்லை வரும். புற்றுநோயோ பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில், குழாயிலிருந்து விலகிய இடத்தில், மலக்குடலை ஒட்டிய பக்கத்தில் தோன்றுகிறது. தொடக்க நிலையில் அது குழாயைத் தொடுவதே இல்லை என்பதால், சிறுநீர் கழிப்பதில் எந்த மாற்றத்தையும் உண்டாக்குவதில்லை. ஆகவே, சிறுநீர் மெதுவாக வருகிறது என்பதற்காக ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு அதிகம் என்று கொள்ள முடியாது; சிறுநீர் தாராளமாகப் போகிறது என்பதற்காக அது இல்லை என்றும் சொல்ல முடியாது.

தொல்லைகளும் அவற்றை அளக்கும் முறையும்

குழாய் நெருக்கப்படும்போது முதலில் தெரிவது ஓட்டத்தில் ஏற்படும் மாற்றம். கழிவறையில் நின்ற பிறகும் சிறுநீர் வரச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும், வரும்போது வேகம் குறைந்திருக்கும், நடுவில் நின்று நின்று வரும், முக்க வேண்டியிருக்கும், முடித்துத் திரும்பிய பிறகும் சில சொட்டுகள் உள்ளாடையை நனைக்கும், முழுவதும் கழித்துவிட்டோம் என்ற உணர்வே வராது. இதற்கிடையில் சிறுநீர்ப்பை இந்தத் தடையை எதிர்த்துத் தள்ளித் தள்ளித் தன் தசைச்சுவரைத் தடிப்பாக்கிக்கொள்கிறது. தடித்த பை சற்றே நிறைந்தாலும் சுருங்கப் பார்க்கும். அதனால்தான் அடிக்கடி போக வேண்டியிருப்பதும், வந்துவிட்டால் அடக்க முடியாமல் ஓட வேண்டியிருப்பதும், இரவில் பலமுறை எழ நேர்வதும். முதல் வகைத் தொல்லைகள் தடையிலிருந்தும், இரண்டாம் வகைத் தொல்லைகள் பெரும்பாலும் பையின் எதிர்வினையிலிருந்தும் வருகின்றன. மருந்து தொடங்கி ஓட்டம் சரியான பிறகும் சிலருக்கு அவசர உணர்வு உடனே தணியாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

சுரப்பி எவ்வளவு பெரியது என்பதற்கும் தொல்லை எவ்வளவு என்பதற்கும் நேர்த் தொடர்பு இல்லை. ஸ்கேன் அறிக்கையில் 80 மில்லிலிட்டர் என்று படித்து அஞ்சுபவர் எந்தத் தொல்லையும் இல்லாமல் இருக்கலாம். 30 மில்லிலிட்டர் மட்டுமே உள்ளவர் இரவு முழுவதும் தூங்க முடியாமல் தவிக்கலாம். எந்தத் திசையில் சுரப்பி வளர்ந்திருக்கிறது, சுரப்பியிலும் பையின் கழுத்திலும் உள்ள தசை எவ்வளவு இறுகியிருக்கிறது, பை எந்த நிலையில் இருக்கிறது என்பனவெல்லாம் சேர்ந்தே தொல்லையைத் தீர்மானிக்கின்றன. எனவே மருத்துவர்கள் அளவைவிடத் தொல்லையைத்தான் முதலில் மதிப்பிடுகிறார்கள். அதற்கு உலகெங்கும் பயன்படும் ஒரு கேள்வித்தாள் இருக்கிறது. கடந்த ஒரு மாதத்தை மனத்தில் கொண்டு ஏழு கேள்விகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண் இட வேண்டும். கூட்டுத்தொகை 7 வரை இருந்தால் லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் 35 வரை கடுமையானது. எட்டாவதாக ஒரு கேள்வி தனியே நிற்கிறது: உங்கள் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் இதே நிலை நீடித்தால் எப்படி உணர்வீர்கள் என்பது அது. என் கருத்தில் சிகிச்சையை முடிவு செய்வதில் அந்த எட்டாவது கேள்விக்குத்தான் எடை அதிகம். ஏனென்றால் ஆபத்தான அறிகுறிகள் இல்லாதவரை, சிகிச்சை தேவையா என்பதைத் தீர்மானிப்பது அந்த மனிதருக்கு அது எவ்வளவு தொந்தரவாக இருக்கிறது என்பதே.

இரவில் எழுவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது எப்போதும் புராஸ்டேட்டின் குற்றம் அன்று. மூன்று நாட்களுக்கு, ஒவ்வொரு முறையும் எத்தனை மணிக்கு, எத்தனை மில்லிலிட்டர் போனது என்று ஒரு அளவுக்குவளையில் பிடித்து எழுதி வைத்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். ஒருவர் நாள் முழுவதும் கழித்தது 2,000 மில்லிலிட்டர் என்றும், அதில் படுத்ததிலிருந்து காலை எழுந்து முதலில் கழித்தது வரை 900 மில்லிலிட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். அது மொத்தத்தில் 45 சதவீதம். முதியவர்களுக்கு இரவுப் பங்கு மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், இரவில் சிறுநீர் உற்பத்தியே அதிகமாக இருக்கிறது என்று பொருள். பகலில் கால்களில் தேங்கிய நீர் படுத்தவுடன் இரத்தத்துக்குத் திரும்புவது, இதயத் தளர்ச்சி, உறக்கத்தில் மூச்சு தடைபடும் நோய், மாலையில் விழுங்கும் நீர் பிரியும் மாத்திரை என்று இதற்குக் காரணங்கள் வேறு வேறாக இருக்கலாம். அப்படிப்பட்டவருக்குப் புராஸ்டேட் மாத்திரை கொடுத்தால் அது பெரிதாக உதவாது. மாறாக, ஒவ்வொரு முறையும் 80, 100 மில்லிலிட்டர் மட்டுமே போகிறது, பகலிலும் அப்படித்தான் என்றால் சிறுநீர்ப்பையின் பக்கமே காரணத்தைத் தேட வேண்டும். நாள் முழுவதுமே சிறுநீர் மிக அதிகமாக இருந்தால் இரத்தச் சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நிலைகள் சில உண்டு. சிறுநீர் திடீரென அடியோடு நின்று, அடிவயிறு கல்லாக இறுகி, வலி தாங்க முடியாமல் போவது அவற்றில் முதன்மையானது. உடனே மருத்துவமனையில் கதீட்டர் செலுத்தி வெளியேற்ற வேண்டும். வீக்கம் உள்ள ஆண்கள் சளிக்காக மூக்கடைப்பு நீக்கும் மாத்திரையையோ, தூக்கம் வரவழைக்கும் பழைய வகை ஒவ்வாமை மாத்திரையையோ தாமாக வாங்கி விழுங்கும்போது இந்த நிலை வந்துவிடுவது உண்டு. மூக்கடைப்பு நீக்கி பையின் கழுத்தை இறுக்குகிறது. ஒவ்வாமை மாத்திரை பையின் தள்ளும் ஆற்றலைக் குறைக்கிறது. இன்னொரு நிலை வலியே இல்லாமல் வருவதால் இன்னும் ஏமாற்றக்கூடியது. பை மாதக்கணக்கில் முழுவதும் காலியாகாமல் விரிந்துகொண்டே போய், கடைசியில் நிரம்பி வழியத் தொடங்கும். வயதான ஒருவர் உறக்கத்தில் படுக்கையை நனைப்பதாக வீட்டார் கவனிப்பார்கள். அதை முதுமையின் கணக்கில் எழுதிவிடாமல், அடிவயிற்று ஸ்கேனும் சிறுநீரகச் செயல்பாட்டுக்கான கிரியேட்டினின் பரிசோதனையும் செய்ய வேண்டும். பின்னோக்கிய அழுத்தம் சிறுநீரகங்களைக் கெடுத்துக்கொண்டிருக்கக் கூடும். சிறுநீரில் கண்ணால் காணும்படி இரத்தம் வந்தால், அது ஒருமுறை வந்து நின்றுவிட்டாலும், காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

பி.எஸ்.ஏ. எதை அளக்கிறது

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். விந்து வெளிவந்த சிறிது நேரத்தில் கெட்டியான நிலையிலிருந்து நீர்த்துப்போவது இந்தப் புரதத்தின் வேலையால்தான். அது இருக்க வேண்டிய இடம் விந்து. இரத்தத்தில் கசிவது மிகச் சிறிய அளவே, ஒரு மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்று அளக்கும் அளவு. அந்தக் கசிவைத்தான் பரிசோதனை காட்டுகிறது. நல்ல திசுவும் அதைச் சுரக்கிறது, பெருத்த திசுவும் சுரக்கிறது, புற்றுத் திசுவும் சுரக்கிறது. ஆகவே எண் உயர்ந்திருப்பதற்குப் பல வழிகள் உண்டு. சுரப்பி பெரிதாக இருந்தால் சுரக்கும் திசு அதிகம், கசிவும் அதிகம். சிறுநீரிலோ சுரப்பியிலோ கிருமித்தொற்று இருந்தால் தடுப்புச் சுவர்கள் குலைந்து எண் பல மடங்கு எகிறலாம். சிறுநீர் அடைத்துக்கொண்டதும், கதீட்டர் செலுத்தியதும், அண்மையில் செய்த பயாப்சியும் அதை உயர்த்தும். விந்து வெளியேற்றமும், மிதிவண்டி ஓட்டுவது போன்ற கடும் உடற்பயிற்சியும் சிறிதளவு உயர்த்தக்கூடும் என்பதால், இரத்தம் கொடுப்பதற்கு முந்தைய இரண்டு நாட்கள் அவற்றைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். தொற்று இருந்தால் அது குணமாகி ஏறத்தாழ ஆறு வாரங்கள் கழியும்வரை இந்தப் பரிசோதனையைச் செய்வதில் பயனில்லை. காய்ச்சலோடும் சிறுநீர் எரிச்சலோடும் வந்தவருக்கு அன்றைக்கே பி.எஸ்.ஏ. பார்த்து வீட்டாரைக் கலங்கடிப்பது தவிர்க்கக்கூடிய துன்பம்.

சரி, அறிக்கையில் அச்சாகியிருக்கும் 4 என்ற எல்லைக்கு என்ன பொருள்? அந்த எண்ணுக்கு இந்தப் பக்கம் புற்றுநோய் இல்லை, அந்தப் பக்கம் உண்டு என்பது பொருள் அன்று. 4-க்கும் 10-க்கும் இடைப்பட்ட எண் உள்ளவர்களுக்குப் பயாப்சி செய்தால் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கே புற்றுநோய் காணப்படுகிறது. மற்ற மூவரிடம் எண்ணை உயர்த்தியது பெரும்பாலும் வீக்கமோ அழற்சியோதான். மறுபக்கம், அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய தடுப்பு ஆய்வில், ஏழு ஆண்டுகள் 4-ஐத் தாண்டாமல் இருந்த ஆண்களுக்கும் பயாப்சி செய்து பார்த்தார்கள். 2004-இல் வெளியான அதன் முடிவுப்படி, அவர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினரிடம் புற்றுநோய் இருந்தது. அவற்றில் பெரும்பாலானவை மெல்ல வளரும் வகை, சில வீரியமானவை. அதாவது எல்லைக்கோடு எங்கே வரைந்தாலும் இரு பக்கமும் தவறு நேரும். எண் உயர உயர வாய்ப்பு உயரும் என்பது மட்டுமே உறுதி. வயதுக்கேற்ப எல்லையைத் தளர்த்துவதும் வழக்கத்தில் உண்டு: ஐம்பதுகளில் 3.5, அறுபதுகளில் 4.5, எழுபதுகளில் 6.5 என்பது அப்படிப்பட்ட ஒரு வரிசை.

புற்றுநோய் இருந்தாலும் அது எப்படிப்பட்டது என்பதை எண் சொல்வதில்லை. புராஸ்டேட் புற்றுநோயில் பல, வாழ்நாள் முழுவதும் தூங்கியே கிடந்து, மனிதர் வேறு காரணத்தால் இறந்த பிறகும் தெரியாமலே போகக்கூடியவை. அவற்றையும் தேடிக் கண்டுபிடித்து அறுவைச் சிகிச்சையோ கதிர்வீச்சோ அளித்தால், நோயால் வராத துன்பம் சிகிச்சையால் வரும். சிறுநீர்க் கசிவும் ஆண்மைக் குறைவும் அதில் முக்கியமானவை. தொல்லை எதுவும் இல்லாத ஆண்களை அழைத்துப் பரிசோதிப்பது பற்றி ஐரோப்பாவில் 1990-களில் தொடங்கிய பெரிய ஆய்வின் 16 ஆண்டுக் கணக்கு இதை நன்றாகக் காட்டுகிறது. 55 முதல் 69 வயது வரையுள்ள 570 ஆண்களைப் பரிசோதனைக்கு அழைத்தால், புராஸ்டேட் புற்றுநோய் மரணம் ஒன்று தவிர்க்கப்பட்டது. அந்த ஒன்றுக்காகக் கூடுதலாக 18 பேருக்கு நோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டது. ஆகவே பரிசோதனை பயனற்றது என்றும் சொல்ல முடியாது, எல்லோரும் செய்துகொள்ளுங்கள் என்றும் சொல்ல முடியாது. எழுபதைக் கடந்து, வேறு நோய்களோடு வாழும் ஒருவருக்குப் பயனைவிடத் தீங்கு மிகுதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தந்தைக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்தப் புற்றுநோய் இருந்தவருக்குக் கணக்கு வேறு. அவருக்கு ஆபத்து இயல்பிலேயே கூடுதல். இந்தப் பேச்சு இரத்தம் எடுப்பதற்கு முன்னால் நடக்க வேண்டியது. நடைமுறையில் அறிக்கை வந்த பிறகே நடக்கிறது.

ஓர் எண்ணைப் படிக்கும் விதம்

எடுத்துக்காட்டாக, 66 வயதுள்ள ஒருவரை எண்ணிக்கொள்வோம். ஆறு மாதமாக ஓட்டம் மெதுவாக இருக்கிறது. இரவில் மூன்று முறை எழுகிறார். கேள்வித்தாளில் மதிப்பெண் 17. சென்ற வாரம் எரிச்சலும் லேசான காய்ச்சலும் இருந்தன. பி.எஸ்.ஏ. 7.4.

முதலில் கவனிக்க வேண்டியது அந்த எரிச்சல். சிறுநீர் வளர்ப்புப் பரிசோதனையில் கிருமி தெரிகிறது, ஆன்டிபயாடிக் கொடுக்கப்படுகிறது. ஏழு வாரம் கழித்து, அதே ஆய்வகத்தில் மறுபடி பார்க்கும்போது எண் 5.2. அதே ஆய்வகம் என்பது சும்மா சொல்லும் வார்த்தை அன்று; ஆய்வகங்களின் கருவிகளும் வேதிப்பொருள்களும் வேறுபடுவதால், ஒரே இரத்தத்துக்கும் எண் சற்று மாறலாம். எந்தக் காரணமும் இல்லாமலே ஒருவரின் எண் நாளுக்கு நாள் சிறிது ஏறி இறங்கும் என்பதால், ஓர் உயர்ந்த எண்ணை மட்டும் வைத்து யாரையும் பயாப்சிக்கு அனுப்புவதில்லை.

இனி 5.2 எங்கிருந்து வருகிறது என்று கேட்க வேண்டும். மருத்துவர் ஆசனவாய் வழியாக விரலால் சுரப்பியைத் தொட்டுப் பார்க்கிறார். வெளிப்பகுதி அங்கேதான் விரலுக்கு எட்டும். கட்டியான முடிச்சோ ஒரு பக்கக் கடினமோ இருந்தால் எண் எதுவானாலும் மேற்கொண்டு பார்த்தாக வேண்டும். இவருக்கு மிருதுவாகவும் சமமாகவும் இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் சுரப்பி 62 மில்லிலிட்டர்; கழித்த பின் பையில் மிஞ்சியது 90 மில்லிலிட்டர். இப்போது 5.2-ஐ 62-ஆல் வகுத்தால் 0.084 வருகிறது. ஒவ்வொரு மில்லிலிட்டர் திசுவுக்கும் எவ்வளவு கசிகிறது என்பதைக் காட்டும் இந்த விகிதம் 0.15-க்குக் கீழே இருந்தால், பெரிய சுரப்பியே எண்ணை உயர்த்தியிருக்கிறது என்று கருத இடமுண்டு. இதே 5.2, 25 மில்லிலிட்டர் சுரப்பி உள்ள ஒருவருக்கு வந்திருந்தால் விகிதம் 0.21, அங்கே வீக்கத்தின் மேல் பழி போட முடியாது, எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்வார்கள். எண் ஒன்றுதான், பொருள் இரண்டு. இரத்தத்தில் கட்டுண்ணாமல் தனியே திரியும் பி.எஸ்.ஏ.வின் பங்கையும் சில மருத்துவர்கள் பார்ப்பார்கள். அந்தப் பங்கு 25 சதவீதத்துக்கு மேல் என்றால் வீக்கத்தின் பக்கமும், 10 சதவீதத்துக்குக் கீழ் என்றால் புற்றுநோயின் பக்கமும் தராசு சாயும்.

நம் எடுத்துக்காட்டில் உள்ளவருக்கு உடனடிப் பயாப்சி தேவையில்லை, ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கலாம் என்று முடிவாகிறது. ஆறு மாதம் கழித்து 5.0. இதற்கிடையில் சிறுநீர்த் தொல்லைக்கு இரண்டு மாத்திரைகள் தொடங்கப்பட்டிருந்தன என்றால் இந்தக் கணக்கே குழம்பியிருக்கும். ஏன் என்பதைப் பார்ப்போம்.

மாத்திரை எண்ணை மாற்றும் விதம்

வீக்கத்துக்குத் தரப்படும் மாத்திரைகள் முக்கியமாக இரண்டு வகை. டாம்சுலோசின், சிலோடோசின் போன்றவை சுரப்பியிலும் பையின் கழுத்திலும் உள்ள தசையைத் தளர்த்துகின்றன. சில நாட்களிலேயே ஓட்டம் மேம்படுவதை உணரலாம், சுரப்பி சுருங்குவதில்லை, பி.எஸ்.ஏ. மாறுவதும் இல்லை. எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம், விந்து வெளியே வராமல் போகலாம். கண்புரை அறுவைக்குச் செல்பவர் இந்த மாத்திரையைத் தின்றுவந்ததைக் கண் மருத்துவரிடம் முன்னதாகவே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அது கண்மணி விரிவதைப் பாதித்து அறுவையைச் சிக்கலாக்கும்.

இரண்டாம் வகை ஃபினாஸ்டிரைடும் டுட்டாஸ்டிரைடும். இவை ஆண்மை ஹார்மோன் அதன் வீரியமான வடிவத்துக்கு மாறுவதைத் தடுத்து, சுரப்பியை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்கு வரை சுருக்குகின்றன. பயன் தெரிய ஆறு மாதம் ஆகும் என்பதால், ஒரு மாதம் தின்று பார்த்துவிட்டுப் பலனில்லை என்று நிறுத்துவது பொருளற்றது. நம் பேச்சுக்கு முக்கியமானது வேறொன்று: ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் இவை பி.எஸ்.ஏ. எண்ணை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துவிடுகின்றன. ஆகவே இம்மாத்திரை தின்பவரின் எண்ணை இரண்டால் பெருக்கித்தான் படிக்க வேண்டும். முடி உதிர்வதற்காகக் குறைந்த அளவு ஃபினாஸ்டிரைடு தின்பவர்களுக்கும் எண் குறையும்; அவர்களோ அதை மருந்தாகவே எண்ணாமல், மருத்துவர் கேட்கும்போது சொல்லாமல் விட்டுவிடுவார்கள்.

மாத்திரை போதாதபோது, சிறுநீர்க் குழாய் வழியே கருவியைச் செலுத்தி உட்பகுதித் திசுவைச் செதுக்கியோ லேசர் கொண்டு குடைந்தோ எடுக்கும் அறுவை உண்டு. அதில் நீக்கப்படுவது உட்பகுதி மட்டுமே. வெளிப்பகுதி அப்படியே இருக்கிறது, பி.எஸ்.ஏ. வெகுவாகக் குறைந்தாலும் புற்றுநோய் தோன்றும் இடம் போய்விடவில்லை. 'அறுவை முடிந்துவிட்டது, இனி புராஸ்டேட்டே இல்லை' என்று பலர் நம்பிக்கொண்டிருப்பது தவறு.

மேலே சொன்னவர், எண் 5.0 என்று இருந்த அந்தக் கட்டத்தில் டாம்சுலோசினும் டுட்டாஸ்டிரைடும் தொடங்குகிறார். ஓராண்டுக்குப் பின் மதிப்பெண் 17-லிருந்து 9 ஆகிறது, இரவில் ஒருமுறை மட்டுமே எழுகிறார், பி.எஸ்.ஏ. 2.4. இரண்டால் பெருக்கினால் 4.8, எதிர்பார்த்ததுதான். அதற்கடுத்த ஆண்டில் 3.5 வருகிறது. அறிக்கையில் தடித்த எழுத்து இல்லை, அம்புக்குறி இல்லை. 4-க்குக் கீழே என்பதால் கணினி அதை இயல்பு என்றே அச்சிடுகிறது. ஆனால் பெருக்கிப் பார்த்தால் 7.0. அதைவிட முக்கியமானது, மாத்திரை தின்னும்போது எட்டிய மிகத் தாழ்ந்த எண்ணிலிருந்து அது ஏறியிருக்கிறது என்பது. இந்த மாத்திரை தொடரும்வரை எண் தாழ்ந்த இடத்திலேயே கிடக்க வேண்டும். அங்கிருந்து உறுதியாக ஏறினால், 4-க்குள் இருந்தாலும் அது விசாரிக்க வேண்டிய ஏற்றம்.

மருத்துவர் முதலில் கேட்பது, மாத்திரையை ஒழுங்காகத் தின்கிறீர்களா என்று. நிறுத்தியிருந்தால் எண் பழைய இடத்துக்குத் திரும்புவது இயல்பு. இவர் ஒருநாளும் விட்டதில்லை. சிறுநீரில் தொற்று இல்லை. ஆறு வாரம் கழித்து எடுத்தபோது 3.6. எம்.ஆர்.ஐ. எடுக்கிறார்கள். அந்தப் படத்தில் ஐயத்தை 1 முதல் 5 வரை தரம் பிரிப்பார்கள். 1, 2 என்றால் பெரும்பாலும் பயாப்சியைத் தவிர்த்துக் கண்காணிக்கலாம், 4, 5 என்றால் ஊசி வைத்து எடுத்துப் பார்க்க வேண்டும், 3 என்பது விகிதத்தையும் குடும்ப வரலாற்றையும் சேர்த்து முடிவெடுக்க வேண்டிய இடம். இவருடைய சுரப்பியின் வெளிப்பகுதியில், இடப்பக்கம், 4 என்று தரமிட்ட ஒரு சிறு புள்ளி தெரிகிறது. அந்த இடத்தைக் குறிவைத்து எடுத்த திசுவில் புற்றுநோய் உறுதியாகிறது. சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருக்கிறது, நடுத்தர வீரியம், சிகிச்சைக்கு உட்படும் நிலை. அந்த ஆண்டு முழுவதும் அவருடைய சிறுநீர் ஓட்டம் முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது.